சளிக்கு எல்டர்பெர்ரியும் எக்கினேசியாவும் ப்ரோபயாட்டிக்கும்: சோதித்துப் பார்த்தபோது தெரிந்தது என்ன?

போன டிசம்பரில் சிகாகோவிலிருந்து வந்த அக்கா, பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்து வைத்தது ஒரு கருஊதா நிற பாட்டில். பிள்ளைகளுக்கான எல்டர்பெர்ரி கம்மி மிட்டாய். அவள் பிள்ளைகள் பள்ளியில் குளிர்காலம் முழுக்க யாராவது ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பார்களாம். அதனால் அக்டோபர் பிறந்ததும் ஆளுக்கு இரண்டு மிட்டாய் கொடுக்க ஆரம்பித்துவிடுவாள். கூடவே ப்ரோபயாட்டிக் மாத்திரையும் உண்டு, உடம்புக்கு நல்லது செய்யும் என்று சொல்லப்படும் உயிருள்ள பாக்டீரியா அடங்கியது. மூக்கில் நீர் வடியத் தொடங்கினால் எக்கினேசியா டீ.

"இதெல்லாம் வேலை செய்யுதாடா, நீதான் இதையெல்லாம் படிக்கிற ஆளாச்சே" என்று கேட்டாள். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் "நோய் எதிர்ப்புச் சக்திக்குத் துணை" என்று இருந்தது. பின்பக்கம் எறும்பு எழுத்தில், இந்தக் கூற்றுகளை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மதிப்பிடவில்லை, இந்தப் பொருள் எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ தடுக்கவோ உத்தேசித்தது அல்ல என்று இருந்தது. 1994-இல் அங்கே வந்த சட்டம் அப்படித்தான் வகுத்திருக்கிறது. உடலின் ஒரு வேலைக்கு "துணை" என்று சொல்லிக்கொள்ளலாம், சளியைக் குணப்படுத்தும் என்று சொல்லக் கூடாது. ஆக அந்தப் பாட்டிலை வைத்துக்கொண்டு அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்ல வழியில்லை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைகளில்தான் அது இருக்கிறது. இந்த மூன்றுக்கும் அப்படிப்பட்ட சோதனைகள் நடந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் சளியைப் பற்றி ஒரு விஷயம். சாதாரண சளி தானாகப் போகிற நோய். முதல் நாள் தொண்டை கரகரக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் மூக்கடைப்பும் தும்மலும் உச்சத்துக்குப் போகும். ஐந்தாம் நாள் முதல் இறங்க ஆரம்பிக்கும். ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும், இருமல் மட்டும் சிலருக்கு இழுத்துக்கொண்டு போகும். இப்போது நாம் எந்த நாளில் மருந்தைத் தேடுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். தாங்க முடியாமல் போகிற மூன்றாம் நாளில்தான். அன்றைக்கு எதைச் சாப்பிட்டாலும், ஒன்றுமே சாப்பிடாவிட்டாலும், இரண்டு நாளில் தேவலை என்றுதான் இருக்கும். "நான் சாப்பிட்டேன், எனக்குக் கேட்டது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. சாப்பிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சளி எப்போது போயிற்று என்று சொல்ல ரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளி வாயால் சொல்வதுதான் அளவுகோல். நல்ல மருந்து சாப்பிடுகிறோம் என்ற எண்ணமே அந்த வாயை மாற்றிவிடும். அதனால்தான் பிளாசிபோ தேவைப்படுகிறது. பார்வைக்கும் ருசிக்கும் மருந்தைப் போலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. இனி அதை வெற்று மாத்திரை என்றே சொல்கிறேன்.

1970-களில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில், அங்கே வேலை பார்த்தவர்களிடமே வைட்டமின் சி சோதனை ஒன்று நடந்தது. வெற்று மாத்திரையில் வைத்தது லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. வைட்டமின் சி புளிக்கும், லாக்டோஸ் புளிக்காது. சிலர் மாத்திரையைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். 1975-இல் வெளியான முடிவில் வைட்டமின் சி-க்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆனால் தனக்கு எது கிடைத்தது என்று ஊகிக்காதவர்களை மட்டும் தனியே பார்த்தபோது சளி நாட்களில் அந்தப் பலன் காணாமல் போனது. சளி ஆராய்ச்சி செய்பவர்கள் இந்தப் பாடத்தை இன்று வரை மறக்கவில்லை.

சரி, இப்போது எக்கினேசியாவுக்கு வருவோம். வட அமெரிக்காவின் புல்வெளிகளில் வளரும் பூச்செடி அது. ஊதா நிற இதழ்கள், நடுவில் முள்ளாகத் துருத்திக்கொண்டிருக்கும் கூம்பு. அங்குள்ள பழங்குடி மக்கள் அதைப் பலவற்றுக்கும் பயன்படுத்தினார்கள். பிறகு ஜெர்மனியில் அது பெரிய மருந்துக்கடைச் சரக்காகவே ஆகிவிட்டது.

விஸ்கான்சின் மாநிலத்தில் குடும்ப மருத்துவர் புரூஸ் பாரெட்டும் குழுவினரும் செய்த சோதனை 2010-இல் வெளியானது. சளி புதிதாகத் தொடங்கியிருந்த 719 பேர், 12 வயது முதல் 80 வயது வரை. எல்லோரையும் குலுக்கல் முறையில் நான்கு குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு மாத்திரையே இல்லை. இரண்டாம் குழுவுக்கு வெற்று மாத்திரை. மூன்றாம் குழுவுக்கு எக்கினேசியா. இந்த இரண்டு குழுவுக்கும் தங்களுக்குக் கிடைத்தது எது என்று தெரியாது. நான்காம் குழுவுக்கு, "இது எக்கினேசியாதான்" என்று வெளிப்படையாகச் சொல்லியே கொடுத்தார்கள்.

இந்த நான்காவது குழுவும் முதல் குழுவும்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. வழக்கமாக மருந்து ஒரு பக்கம், வெற்று மாத்திரை ஒரு பக்கம் என்று நிறுத்திவிடுவார்கள். இங்கே மாத்திரை என்ற பொருளுக்கு எவ்வளவு பலன், அதற்குள் இருக்கும் வேருக்கு எவ்வளவு, தெரிந்து சாப்பிடுவதற்கு எவ்வளவு என்று மூன்றையும் பிரித்துப் பார்க்க முடிகிறது.

மருந்தின் அளவிலும் கஞ்சத்தனம் செய்யவில்லை. எக்கினேசியாவின் இரண்டு இனங்களின் வேரைச் சேர்த்துச் செய்த மாத்திரை அது. முதல் 24 மணி நேரத்தில் 10.2 கிராம் காய்ந்த வேருக்குச் சமமான அளவு, அடுத்த நான்கு நாளும் தினம் 5.1 கிராம். சோதனைக்கு வந்தவர்கள் தினமும் இரண்டு வேளை ஒரு படிவத்தை நிரப்பினார்கள். மூக்கடைப்பு எவ்வளவு, தொண்டை வலி எவ்வளவு, இன்று தூங்க முடிந்ததா, வேலை செய்ய முடிந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். சளி முடியும் வரை அந்த மதிப்பெண்களைக் கூட்டினால் அந்தச் சளியின் மொத்தப் பாரம் கிடைக்கும்.

முடிவு என்ன? மாத்திரையே சாப்பிடாதவர்களின் சளி சராசரியாக 7.03 நாள் இருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 6.87 நாள். தெரியாமல் எக்கினேசியா சாப்பிட்டவர்களுக்கு 6.34 நாள். எக்கினேசியா என்று தெரிந்தே சாப்பிட்டவர்களுக்கு 6.76 நாள்.

வெற்று மாத்திரைக்கும் எக்கினேசியாவுக்கும் உள்ள வித்தியாசம் 0.53 நாள், ஏறக்குறைய 13 மணி நேரம். நோயின் மொத்தப் பாரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவருக்கு நாலு நாளில் போகும் சளி இன்னொருவருக்குப் பன்னிரண்டு நாள் நீளும். அப்படிப்பட்ட நோயில், இரண்டு குழுக்களுக்கு ஒன்றுமே வேறுவேறாகக் கொடுக்காமல் இருந்தாலும் சராசரியில் அரை நாள் முன்பின் வரும். அந்தத் தற்செயலுக்கு இடம் விட்டுக் கணக்குப் போட்டபோது, எக்கினேசியாவின் உண்மையான பலன் ஒன்றேகால் நாள் குறைவு என்பதிலிருந்து சுமார் நாலரை மணி நேரம் கூடுதல் என்பது வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வந்தது. அதாவது பலன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் பெரியதாக இருக்க வாய்ப்பில்லை. மூக்கைக் கழுவி எடுத்த நீரில் அழற்சியின் அடையாளங்களையும் அளந்து பார்த்தார்கள். குழுக்களுக்கு இடையே அதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அடுத்த ஆண்டு அதே குழு அதே தரவை வேறு கோணத்தில் பார்த்தது. சோதனை தொடங்கும்போதே எல்லோரிடமும், எக்கினேசியா கேட்கும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள், நூற்றுக்கு எத்தனை, என்று கேட்டு வைத்திருந்தார்கள். ஐம்பதுக்கு மேல் சொன்னவர்கள் 120 பேர். இந்த 120 பேரில் வெற்று மாத்திரை வாங்கியவர்களின் சளி, மாத்திரையே வாங்காதவர்களின் சளியைவிட 2.58 நாள் முன்னதாக முடிந்திருந்தது. மருந்தே இல்லாத மாத்திரை அது! எக்கினேசியா வேரால் கிடைத்ததாகத் தெரிந்த அரை நாளைவிட ஐந்து மடங்கு.

இதைப் படித்தபோதுதான் அக்காவின் கேள்விக்குப் பதிலை எப்படிச் சொல்வது என்று எனக்குப் புரிந்தது. அவள் அனுபவம் பொய்யில்லை. எக்கினேசியா டீ குடித்தால் அவளுக்கு நிஜமாகவே சீக்கிரம் தேறியிருக்கலாம். ஆனால் அதில் எக்கினேசியாவின் பங்கு கொஞ்சமாகவோ ஒன்றுமில்லாமலோ இருக்கலாம். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 120 பேரை நான்காகப் பிரித்தால் ஒரு குழுவுக்குச் சுமார் முப்பது பேர்தான். நோயின் கடுமையில் இவர்களுக்குத் தெரிந்த குறைவு தற்செயலைத் தாண்டவில்லை. நாட்கணக்கில் மட்டும்தான் தாண்டியது. எனவே 2.58 என்ற எண்ணைக் கல்லில் வெட்டிவிட வேண்டாம்.

விஸ்கான்சின் சோதனை தனியாகவும் நிற்கவில்லை. 2005-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் டர்னரின் குழு இன்னும் கறாராகச் சோதித்தது. 437 ஆரோக்கியமான தன்னார்வலர்களைச் சேர்த்து, அவர்களில் 399 பேரின் மூக்கில் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸை வேண்டுமென்றே விட்டார்கள். வைரஸ் விடுவதற்கு ஏழு நாள் முன்பிருந்தே சிலருக்கு எக்கினேசியா, சிலருக்கு வைரஸ் விட்ட அன்றிலிருந்து. வேரின் சாரத்தை மூன்று வெவ்வேறு முறையில் எடுத்து மூன்றையும் சோதித்தார்கள். தொற்றும் குறையவில்லை, சளியின் கடுமையும் குறையவில்லை.

குழந்தைகளிடமும் பார்த்தார்கள். 2003-இல் சியாட்டிலில் 2 முதல் 11 வயது வரையான 407 குழந்தைகள், மொத்தம் 707 சளிகள். இங்கே கொடுத்தது செடியின் மேல்பாகத்தைப் பிழிந்து எடுத்த மருந்து. இரண்டு பக்கமும் பாதிச் சளிகள் 9 நாளுக்குள் முடிந்தன, மீதி அதற்கு மேலும் நீடித்தன. ஆனால் தோலில் தடிப்பு வந்தது எக்கினேசியா பக்கம் நூற்றுக்கு 7.1 முறை, வெற்று மருந்துப் பக்கம் 2.7 முறை. பலன் இல்லாமல் தடிப்பு மட்டும் மிச்சம் என்றால் பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வு 2014-இல் வந்தது. மருந்துச் சோதனைகளை ஒன்றுதிரட்டிச் சலித்துப் பார்க்கும் அமைப்பு அது. 24 சோதனைகள், 4631 பேர். சளி வராமல் தடுப்பதில், தனித்தனியாக எந்தச் சோதனையும் தெளிவான பலனைக் காட்டவில்லை. ஆனால் பெரும்பாலானவை கொஞ்சம் ஒரே பக்கம் சாய்ந்தன. எல்லாவற்றையும் கூட்டினால் வாய்ப்பு பத்து இருபது சதவீதம் குறையலாம் என்று வந்தது. வந்த சளியைக் குறைப்பதில் உறுதியாக ஒன்றும் இல்லை.

அந்தத் தொகுப்பாய்வே ஒரு முக்கியமான சிக்கலையும் சொல்கிறது. எக்கினேசியா என்ற பெயரில் மூன்று இனங்கள் விற்கின்றன. சிலர் வேரை எடுக்கிறார்கள், சிலர் இலையும் பூவும். ஒருவர் பிழிந்த சாறு, ஒருவர் ஆல்கஹாலில் ஊறவைத்த சாரம், இன்னொருவர் காய்ந்த பொடி. இவற்றுக்குள் இருக்கும் வேதிப்பொருட்கள் ஒன்றுக்கொன்று நிறையவே மாறுபடும். நம் ஊரில் "கீரை நல்லது" என்று சொன்னால் எந்தக் கீரை, தண்டா இலையா, கடைசலா பொரியலா என்று கேட்போம் அல்லவா, அந்த மாதிரி. ஒரு தயாரிப்பில் கிடைத்த முடிவை இன்னொன்றின் தலையில் வைக்க முடியாது. அக்கா குடிக்கும் டீயை இந்தச் சோதனைகள் எதுவும் சோதிக்கவில்லை.

அப்புறம் எல்டர்பெர்ரி. ஐரோப்பாவில் வேலி ஓரத்தில் வளரும் செடி, கொத்துக் கொத்தாகக் கரும் பழம் விடும். இதன் புகழுக்கு அடித்தளம் இரண்டு சிறு சோதனைகள்தான். ஒன்று 1995-இல் வந்தது. இஸ்ரேலில் ஒரு கிப்புட்ஸ் குடியிருப்பில் ஃப்ளூ பரவியபோது செய்தது, முடிவுக்கு எடுத்துக்கொண்டவர்கள் 27 பேர். அந்தச் சிரப்பை உருவாக்கியவரே கட்டுரையாசிரியர்களில் ஒருவர். இன்னொன்று நார்வேயில் 1999-2000 குளிர்காலத்தில் நடந்து 2004-இல் வெளியானது. 60 பேர், தினம் நான்கு வேளை 15 மில்லி சிரப், ஐந்து நாள். சிரப் குடித்தவர்கள் நான்கு நாள் முன்னதாகத் தேறினார்கள் என்றது முடிவு. நான்கு நாள்! ஃப்ளூவுக்கு மருத்துவர் எழுதித் தரும் ஒசெல்டமிவிர் மாத்திரைகூட ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாள் போலத்தான் குறைக்கிறது. ஒரு பழச்சாறு அதைவிடப் பல மடங்கு வேலை செய்கிறது என்று 60 பேரை வைத்துச் சொன்னால், சந்தோஷப்படுவதற்கு முன் இன்னொரு முறை பெரிதாகச் செய்து பார்க்கத்தான் வேண்டும்.

இந்த இரண்டுமே ஃப்ளூ பற்றியவை, சளி பற்றியவை அல்ல என்பதையும் கவனியுங்கள். ஃப்ளூவுக்கு ஒரு வைரஸ் குடும்பம், சாதாரண சளிக்கு ரைனோவைரஸ் முதல் வேறு பல. ஃப்ளூவில் கிடைத்த முடிவைச் சளி மிட்டாயின் விளம்பரத்தில் போடுவதில் நியாயமில்லை.

சளிக்கென்று நேராகச் சோதித்தது 2016-இல் ஆஸ்திரேலியாவில். வெளிநாட்டுக்குப் பறக்கும் சாதாரண வகுப்புப் பயணிகள் 312 பேருக்கு, பயணத்துக்குப் பத்து நாள் முன்பிருந்தே எல்டர்பெர்ரி கேப்ஸ்யூலோ வெற்று கேப்ஸ்யூலோ கொடுத்தார்கள். எல்டர்பெர்ரி சாப்பிட்டவர்களில் 12 பேருக்குச் சளி, மற்றவர்களில் 17 பேருக்கு. இது தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். ஆக, தடுத்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் சளியோடு கழிந்த நாட்களைக் கூட்டினால் ஒரு பக்கம் 57, மறுபக்கம் 117. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஐந்து நாளுக்குச் சற்றுக் குறைவு, எதிரே ஏழு நாள். இந்த இரண்டு நாள் வித்தியாசம் உண்மையாக இருக்கலாம். ஆனால் அது 312 பேர் மேல் நிற்கவில்லை, சளி பிடித்த 29 பேர் மேல்தான் நிற்கிறது. அவர்களில் ஒரு பக்கம் மூன்று பேருக்கு நீண்ட சளி வந்திருந்தால்கூடக் கணக்கு ஆட்டம் கண்டுவிடும்.

பிறகு கிளீவ்லாந்து கிளினிக்கின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் செய்த சோதனை 2020-இல் வந்தது. ஆய்வகத்தில் ஃப்ளூ என்று உறுதியான 87 பேர், 5 வயதுக்கு மேற்பட்டவர்கள். எல்டர்பெர்ரி குடித்தவர்களுக்கு 5.3 நாள், வெற்றுச் சிரப் குடித்தவர்களுக்கு 4.9 நாள். நார்வேயில் கண்ட நான்கு நாளின் சுவடுகூட இல்லை. ஒசெல்டமிவிர் எடுக்காதவர்களை மட்டும் பார்த்தால் எல்டர்பெர்ரி குடித்தவர்களுக்கே இரண்டு நாள் கூடுதலாக இழுத்தது. ஆனால் இது முடிந்த பிறகு பிரித்துப் பார்த்த கணக்கு, இதை வைத்து எல்டர்பெர்ரி கெடுதல் என்று சொல்வதும் அவசரம். 29 பேர் விஷயத்தில் நான் தயங்கினேன் என்றால் இங்கேயும் தயங்க வேண்டும்.

எல்டர்பெர்ரி பற்றி உறுதியாகச் சொல்ல முடிவது ஒன்று உண்டு. பச்சைப் பழமும் இலையும் தண்டும் உடம்புக்குள் சயனைடை வெளிவிடும் பொருள் கொண்டவை. 1983 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரே மாவட்டத்தில், ஒரு கூட்டத்துக்கு வந்தவர்கள் காட்டுச் செடியின் பழத்தை இலை கிளையோடு நசுக்கிச் சாறெடுத்துக் குடித்தார்கள். சிறிது நேரத்தில் வாந்தியும் வயிற்று வலியும். எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வேகவைத்துத் தயாரித்த சிரப்பில் இந்தப் பயம் இல்லை. வெளிநாட்டில் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்கள் வீட்டில் செய்வதாக இருந்தால், தண்டை நீக்கி நன்றாகக் கொதிக்க வைக்காமல் தொடக் கூடாது.

மூன்றிலும் ஓரளவு நம்பிக்கை தருவது ப்ரோபயாட்டிக்தான். அக்காவுக்கு இதைச் சொன்னபோது முகம் மலர்ந்தது, அம்மாவுக்குச் சுருங்கியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஹெல்சிங்கியில் செய்த சோதனை 2001-இல் வந்தது. 18 குழந்தைகள் காப்பகங்கள், 1 முதல் 6 வயது வரை 571 குழந்தைகள், ஏழு மாதக் குளிர்காலம். காப்பகத்தில் சாப்பாட்டோடு கொடுக்கும் பாலில் ஒரு பாதிக்கு லாக்டோபேசில்லஸ் ஜிஜி என்ற பாக்டீரியா கலந்திருந்தது, மறுபாதிக்குச் சாதாரணப் பால். நோயால் காப்பகத்துக்கு வராத நாட்கள் பாக்டீரியா பக்கம் 4.9, மற்றப் பக்கம் 5.8. ஏழு மாதத்தில் ஒரு நாளுக்கும் சற்றுக் குறைவான லாபம். ஆனால் இரண்டு பக்கமும் குழந்தைகளின் வயது சரிசமமாக இல்லை. சின்னக் குழந்தைகளுக்கு நோய் அதிகம் வரும் என்பதால் வயதைச் சரிக்கட்டிப் பார்த்தார்கள். அப்போது 5.1-க்கு 5.7 என்று சுருங்கியது, அது தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம்தான். இந்த இரண்டு கணக்கையும் மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள் என்பதற்காகவே அந்தக் கட்டுரை மேல் எனக்கு மரியாதை.

பிறகு இருபது ஆண்டில் நிறையச் சோதனைகள் சேர்ந்தன. 2022-இல் காக்ரேன் தொகுப்பாய்வு 24 சோதனைகளைக் கணக்கில் எடுத்தது, கிட்டத்தட்ட 7000 பேர். ஒரு முறையாவது மேல்சுவாசத் தொற்று, அதாவது சளி தொண்டை வலி மாதிரியானவை, வந்தவர்களின் எண்ணிக்கை ப்ரோபயாட்டிக் பக்கம் சுமார் கால்வாசி குறைவு. வந்தாலும் சராசரியாக ஒன்றேகால் நாள் முன்னதாகத் தேறியது. ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்ததும் குறைந்திருந்தது. இந்தச் சான்றின் உறுதி குறைவு முதல் நடுத்தரம் வரை என்று அவர்களே மதிப்பிட்டிருக்கிறார்கள். சோதனைகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததும், பல சோதனைகளின் தரம் போதாததும் அதற்குக் காரணம்.

இதில் எல்லோரும் தவறவிடுவது ஒன்று. பெரும்பாலான சோதனைகளில் ப்ரோபயாட்டிக்கைச் சளி பிடித்த பிறகு கொடுக்கவில்லை. ஆரோக்கியமாக இருக்கும்போதே தொடங்கி, தினமும், மூன்று மாதத்துக்கு மேல் கொடுத்தார்கள். தினமும் நூறு கோடி முதல் பத்தாயிரம் கோடி வரை உயிருள்ள பாக்டீரியாக்கள், அநேகமாகப் பாலில் அல்லது தயிர் போன்ற பால் பொருளில். குடலில் உள்ள நோய் எதிர்ப்புச் செல்களோடு அவை உறவாடி, உடம்பு முழுவதையும் கொஞ்சம் விழிப்பாக வைக்கின்றன என்பது கருத்து. அந்தக் கருத்து சரியாகவே இருந்தாலும் மூக்கு ஒழுக ஆரம்பித்த அன்று வாங்கி மூன்று நாள் விழுங்கும் பாட்டிலுக்கு இந்தச் சோதனைகள் சாட்சி சொல்லாது.

அப்புறம், எந்த பாக்டீரியா என்பதும் கேள்வி. லாக்டோபேசில்லஸ் என்பது குடும்பப் பெயர் மாதிரி. பின்னால் வரும் ஜிஜி போன்ற எழுத்தும் எண்ணும்தான் ஆளைக் காட்டுவது. ஒன்றில் கண்ட பலன் அதன் பங்காளிக்கு இருக்க வேண்டியதில்லை. கடையில் பாட்டிலைப் பார்த்தால் அந்த எழுத்தையும் எண்ணையும் தேடுங்கள். "ப்ரோபயாட்டிக் கலவை" என்று மட்டும் போட்டிருந்தால் அதை எந்தச் சோதனையோடும் பொருத்திப் பார்க்க முடியாது. அமெரிக்காவில் டேனன் நிறுவனம் தன் தயிர் பானம் சளி, ஃப்ளூ வராமல் தடுக்கும் என்று விளம்பரம் செய்தது. போதிய சான்றில்லை என்று மத்திய வர்த்தக ஆணையமும் 39 மாநிலங்களும் கேள்வி கேட்டன. 2010 டிசம்பரில் அந்த நிறுவனம் விளம்பரத்தைக் கைவிட்டு, மாநிலங்களுக்கு 2.1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் வயிற்று உப்புசத்தோடு போய்விடும். ஆனால் உயிருள்ள பாக்டீரியா என்பதால், எதிர்ப்புச் சக்தி வெகுவாகக் குறைந்தவர்களுக்கு அது ரத்தத்தில் கலந்து தொற்றாகிவிடலாம். குறைமாதக் குழந்தைகளுக்கு ப்ரோபயாட்டிக் கொடுப்பது பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023-இல் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விட்டது. கீமோதெரபி எடுப்பவர்களும் உறுப்பு மாற்றிக்கொண்டவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது.

இப்போது அம்மாவின் முகம் ஏன் சுருங்கியது என்பது. எங்கள் வீட்டில் சளி பிடித்தால் முதலில் நிற்பது தயிர்தான். "தயிர் குளிர்ச்சி, சளி கட்டும்" என்று அம்மா ரசம் சாதத்தோடு நிறுத்திவிடுவாள். பாலில் பாக்டீரியாவைப் போட்டுக் கொடுத்துச் சளியைக் குறைத்ததாக நான் சொன்னதும், "அப்போ நான் இத்தனை வருஷமா செஞ்சது தப்பா?" என்று கேட்டாள்.

தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தச் சோதனைகளில் கொடுத்தது சளிக்கு முன்பே மாதக்கணக்கில். அம்மா நிறுத்துவது சளி பிடித்த நாலு நாளுக்கு. இரண்டும் ஒரே கேள்வி அல்ல. வீட்டுத் தயிரிலும் உயிருள்ள பாக்டீரியா ஏராளம் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டில் வாங்கிய உறைமோரில் எந்த இனம் இருக்கிறது, வயிற்றின் அமிலத்தைத் தாண்டி அது குடல் வரை உயிரோடு போகுமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். அதனால் தயிர் சாதம் சளியைத் தடுக்கும் என்று அந்தச் சோதனைகளை வைத்துச் சொல்ல முடியாது. தயிர் சளியைக் கூட்டும் என்பதற்கும் அவற்றில் ஆதாரம் இல்லை.

அக்கா ஊருக்குக் கிளம்பும்போது எக்கினேசியா டீயைப் பிள்ளைகளுக்கு நிறுத்திவிடுவதாகச் சொன்னாள், தடிப்புக் கணக்கைக் கேட்ட பிறகு. தனக்கு மட்டும் வைத்துக்கொள்வாளாம், சூடாகத் தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்பதற்காக. எல்டர்பெர்ரி மிட்டாய் மிச்சமிருப்பது தீரட்டும், புதிதாக வாங்கவில்லை என்றாள். ப்ரோபயாட்டிக் பாட்டிலை எடுத்துப் பின்பக்கம் தேடினோம். லாக்டோபேசில்லஸ் என்று மட்டும் இருந்தது, பின்னால் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை.